தறிக்குடோன் சுவரில் பெக்போர்டு: புஷ் வைத்து இடைவெளி விட்டு மாட்டும் முறை

பெக்போர்டு, அதாவது கருவி மாட்ட வரிசையாக ஓட்டை போட்ட பலகை, அதைச் சுவரோடு ஒட்ட வைத்துத் திருகிவிட்டால் அதில் ஒரு கொக்கிகூட மாட்ட முடியாது. கொக்கியின் வால் பலகைக்குப் பின்னால் நுழைந்து மேல்நோக்கித் திரும்ப வேண்டும், அதற்கு அங்கே இடம் வேண்டும். அந்த இடத்தை எவ்வளவு விடுவது, எதை வைத்து விடுவது, அந்த இடைவெளியைத் தாண்டிப் போகும் திருகு சுவரில் எங்கே பிடிக்க வேண்டும் என்பதில்தான் இந்த வேலையின் முக்கால்வாசி இருக்கிறது. பலகையைத் தூக்கி மாட்டுவது கடைசி அரை மணி நேர வேலை.

எடுத்துக்காட்டுக்கு, சோமனூர்ப் பக்கம் பார்க்கிற மாதிரியான ஒரு தறிக்குடோனை எடுத்துக்கொள்கிறேன். எட்டு விசைத்தறி, ஒரு ஓரத்தில் ஃபிட்டர் வேலை செய்யும் மேசை, சேம்பர் செங்கல் சுவர், மேலே சிமெண்ட் பூச்சு. ஸ்பேனர், பைப் ரிஞ்ச், சுத்தியல், குறடு, திருப்புளி எல்லாம் இப்போது ஒரு தகரப் பெட்டிக்குள் குவியலாகக் கிடக்கின்றன. வீட்டிலோ கார் நிறுத்தும் இடத்திலோ மாட்டுவதாக இருந்தாலும் முறை இதேதான். ஆனால் குடோனில் இரண்டு தொல்லைகள் கூடுதல்: நாள் முழுக்க அதிர்வு, எங்கு பார்த்தாலும் பஞ்சு. இந்த இரண்டுக்கும் தாங்கும்படி மாட்டினால் மற்ற எந்த இடத்திலும் தாங்கும்.

இடம் பார்ப்பது

தறியின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே உள்ள சுவர் வேண்டாம். தறியில் குறுக்கே ஓடும் நாடா தெறித்தால் போகும் வழி அது. கருவி எடுக்க வருபவர் அங்கே நிற்கிற மாதிரி ஆகிவிடும். மேசைக்குப் பின் சுவரோ, தறி வரிசைக்கு மறைவான சுவரோ நல்லது. சுவிட்ச் போர்டிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி இருக்கட்டும். சுவிட்சிலிருந்து நேர் மேலும் நேர் கீழும் நேர் பக்கவாட்டிலும் ஒயர் பைப் பூச்சுக்குள் ஓடியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகளில் துளை போடவே கூடாது. துளை போடும் நேரத்தில் அந்தச் சுவருக்குப் போகும் லைனை அணைத்துவிட்டு, டிரில்லிங் மெஷினுக்கு வேறு பக்கத்திலிருந்து ஒயர் இழுத்துக்கொள்வது உத்தமம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றும் சாரலும் மேற்குச் சுவரில்தான் அடிக்கும். வெளியே பூசாத மேற்குச் சுவராக இருந்தால் உள்பக்கம் ஈரம் வரும். எம்.டி.எஃப் பலகை ஈரம் குடித்தால் ஓட்டை விளிம்பு உப்பி, கொக்கி நுழையாமல் போகும். வேறு சுவரே இல்லையென்றால், மாட்டுவதற்கு முன்பே பலகையின் இரு முகத்துக்கும் நான்கு விளிம்புக்கும் எனாமல் பெயிண்ட் அடித்துக் காயவிடுங்கள். விளிம்புக்கு இரண்டு கோட் வேண்டும், ஏனென்றால் தண்ணீரை முதலில் குடிப்பது அதுதான்.

எந்தப் பலகை

6 மி.மீ. கனம், நான்கடிக்கு இரண்டடி, ஓட்டைகள் 6 மி.மீ. விட்டம், 25 மி.மீ. இடைவெளி. இந்த அளவை வைத்தே மேற்கொண்டு கணக்குச் சொல்கிறேன். 3 மி.மீ. ஹார்டுபோர்டும் கிடைக்கும், விலையும் குறைவு. திருப்புளியும் டேப்பும் மாட்ட அது போதும். பைப் ரிஞ்ச் மாட்டப்போகிறவர் அதை வாங்க வேண்டாம். ஓட்டை கிழிந்துவிடும், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இடைவெளியை அளந்து முடிவு செய்வது

வாங்கிய கொக்கிகளில் பெரியதை எடுங்கள். பலகையை மேசை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி வைத்து, ஒரு ஓட்டையில் கொக்கியின் வாலை நுழைத்து மெதுவாகத் திருப்புங்கள். வால் நேராக நுழையும்போது பலகைக்குப் பின்னால் அதிகத் தூரம் நீட்டிக்கொண்டு போகும், பிறகு மேலே எழும்பிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அதிகத் தூரத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 14 மி.மீ. சுவர்ப் பூச்சின் மேடு பள்ளத்துக்குச் சில மி.மீ. சேர்த்தால் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் கூட்டி 40 வைத்தால் வசதிதானே என்று தோன்றும். வேண்டாம். பலகை சுவரைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவுக்குத் திருகு வளையப் பார்க்கும். கருவியை வெடுக்கென்று இழுக்கும்போது பலகையும் கூடவே ஆடும். கொக்கிக்குத் தேவையான அளவு, அதற்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான்.

ரீப்பரா, புஷ்ஷா

பெரும்பாலான தச்சர்கள் சுவரில் மர ரீப்பர் அடித்து அதன்மேல் பலகையைத் திருகுவார்கள். அது தவறில்லை. பலகைக்கு முதுகெலும்பு மாதிரி நிற்கும். ஆனால் ரீப்பர் போகும் வரிசையில் உள்ள ஓட்டைகள் அத்தனையும் வீண். படுக்கையாக அடித்த ரீப்பரின் முதுகில் பஞ்சு படிந்துகொண்டே போகும், எடுக்கவும் முடியாது. தறிக்குடோனில் இதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கருவி மாட்டும் பலகைக்குப் பின்னால் பஞ்சு மூட்டை ஒன்று சேர்வதும், பக்கத்தில் பற்றவைப்பு வேலை நடப்பதும் ஒரே இடத்தில் ஆகாது.

புஷ் என்பது நடுவில் ஓட்டையுள்ள சின்ன உருளைத் துண்டு, பலகைக்கும் சுவருக்கும் நடுவே திருகு அதன் வழியாகப் போகும். அதை வைத்தால் திருகு போகும் ஓட்டைகள் மட்டுமே வீணாகும். ஆயிரத்துக்கு மேல் ஓட்டை உள்ள பலகையில் பன்னிரண்டு போனால் தெரியாது. நான்கு பக்கமும் திறந்திருப்பதால் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். நம் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. 25 மி.மீ. நைலான் ராடு கொடுத்து, நடுவில் 6 மி.மீ. ஓட்டை, நீளம் 20 மி.மீ., பன்னிரண்டு எண்ணம் வெட்டித் தரச் சொல்லுங்கள். நீளம் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும், இரு முகமும் நேராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை.

அரை அங்குல பி.வி.சி. பைப்பை ரம்பத்தால் துண்டு போட்டும் வைக்கலாம், பலர் வைக்கிறார்கள். அதில் இரண்டு குறை. கையால் அறுத்த முகம் கோணலாக இருக்கும், இறுக்கும்போது பலகை ஒரு பக்கம் சாயும். பைப்பின் உள்விட்டம் பெரியது என்பதால் திருகு அதற்குள் தளர்வாக நிற்கும், அதிர்வில் துண்டு கீழே நகர்ந்து உட்காரும். வீட்டுச் சுவருக்கு அதுவே போதும். குடோனுக்கு லேத்தில் வெட்டிய புஷ்தான் என் பரிந்துரை.

பாரம் எங்கே விழுகிறது

எல்லாக் கருவியும் சேர்த்து 25 கிலோ என்று வைப்போம். அதன் பாரம் சுவரிலிருந்து சுமார் 65 மி.மீ. தள்ளி விழுகிறது. மேல் வரிசைத் திருகுக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே 500 மி.மீ. உயரம். 25-ஐ 65-ஆல் பெருக்கி 500-ஆல் வகுத்தால் சுமார் 3 கிலோ. அதாவது மேல் வரிசை நான்கு திருகையும் சேர்த்துச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை வெறும் 3 கிலோதான். பலகை மொத்தமாகப் பெயர்ந்து விழுவது பாரத்தால் அல்ல. திருகைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளக் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டு, செங்கலைத் தொடாமல் இருப்பதால்தான்.

இப்போது ஒரே ஒரு கொக்கியைப் பாருங்கள். 4 கிலோ பைப் ரிஞ்ச், 100 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியின் நுனியில் தொங்குகிறது. கொக்கி பலகையைப் பிடித்திருப்பது ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் இடைப்பட்ட 25 மி.மீ. உயரத்தில். நூறை இருபத்தைந்தால் வகுத்தால் நான்கு மடங்கு. மேல் ஓட்டையின் விளிம்பை 16 கிலோ விசை வெளியே இழுக்கிறது. மெல்லிய ஹார்டுபோர்டு கிழிவது இதனால்தான். ஆக, சுவர்ப் பிடிப்பைவிடப் பலகையின் ஓட்டைதான் பலவீனமான இடம். கனமான கருவிக்கு இரண்டு ஓட்டையில் கால் பிடிக்கும் குட்டைக் கொக்கி போடுங்கள், கருவி பலகையோடு ஒட்டித் தொங்கட்டும், அதையும் புஷ் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

திருகு இடங்களைக் குறிப்பது

"ஏனுங்ணா, நாலு மூலையில நாலு திருகு போட்டா நிக்காதுங்களா?" என்று கேட்பார்கள். நிற்கும். ஆனால் நடுவில் பலகை தொப்பை போடும், அந்த இடத்தில் கொக்கியை அழுத்தும்போது உள்ளே போய் வரும். அதனால் குறுக்கே நான்கு, உயரத்தில் மூன்று வரிசை, ஆகப் பன்னிரண்டு.

குறுக்கே 15 ஓட்டைக்கு ஒன்று, அதாவது 375 மி.மீ. உயரத்தில் 10 ஓட்டைக்கு ஒன்று, அதாவது 250 மி.மீ. இரு பக்கமும் மேலும் கீழும் மிச்சம் ஏறக்குறைய சமமாக வருகிற மாதிரி தொடங்குங்கள். பலகையின் கடைசி விளிம்பை ஒட்டிய ஓட்டையில் திருகு போட வேண்டாம், இறுக்கும்போது விளிம்பு உடையும். தேர்ந்தெடுத்த பன்னிரண்டு ஓட்டைகளை மட்டும் 8 மி.மீ. ஆகப் பெரிதாக்கிவிடுங்கள். சுவரில் டிரில் பிட் ஒரு மி.மீ. விலகினாலும் பலகை சரியாக உட்கார இது இடம் கொடுக்கும், முன்னால் வாஷர் மூடிக்கொள்ளும்.

திருகின் நீளம்

முன்னாலிருந்து பின்னாலாகக் கூட்டுங்கள். வாஷர் ஒன்றரை, பலகை 6, புஷ் 20: சுவரைத் தொடும் முன்பே 27.5 மி.மீ. போய்விட்டது. பூச்சு 15. அதற்குப் பிறகுதான் செங்கல். மூன்று அங்குலத் திருகு 75 மி.மீ. அதில் செங்கலுக்குள் போவது 32 மட்டும். நான்கு அங்குலம், அதாவது 100 மி.மீ., போட்டால் 57 உள்ளே போகும். 10 நம்பர் திருகு, 4 அங்குலம், 8 மி.மீ. பிளக் 50 மி.மீ. நீளம் என்று கேட்டு வாங்குங்கள். முன்னால் போட 25 மி.மீ. அகல வாஷர்.

பூச்சு எவ்வளவு கனம் என்று எப்படித் தெரியும்? டிரில் தூளின் நிறம் சொல்லும். முதலில் சாம்பல் நிறத் தூள் வரும், அது பூச்சு. திடீரென்று செம்மண் நிறமாக மாறும், அங்கே செங்கல் தொடங்குகிறது. மாறிய நொடியில் நிறுத்தி, பிட்டை அதே ஆழத்தில் வெளியே எடுத்து அளந்தால் பூச்சின் கனம் கிடைத்துவிடும். சிவப்பு வராமல் சாம்பலாகவே வந்துகொண்டிருந்தால் இரண்டு செங்கலுக்கு நடுவே உள்ள சிமெண்ட் இணைப்பில் போகிறீர்கள், அல்லது சுவரே சிமெண்ட் கல். பிட் சட்டென்று வழுக்கி உள்ளே விழுந்தால் அது ஹாலோ பிளாக். அதற்கான வழி தனியாகக் கீழே.

துளை போட்டு மாட்டுவது

பலகையின் அடிப்பகுதி தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வரட்டும். அந்த உயரத்தில் ஒரு நீள ரீப்பரை ரசமட்டம் வைத்துத் தற்காலிகமாக இரண்டு ஆணியில் அடியுங்கள். பலகையை அதன்மேல் உட்கார வைத்துவிட்டால் ஒருவரே வேலையை முடித்துவிடலாம், கையும் நோகாது, மட்டமும் பிசகாது.

இப்போது பலகையைச் சுவரோடு ஒட்டப் பிடித்து, பன்னிரண்டு ஓட்டை வழியாகவும் பென்சிலால் குறியுங்கள். பலகையை இறக்கிவிட்டு, முதலில் 5 மி.மீ. பிட்டால், மெஷினின் ஹாமர் சுவிட்சைப் போடாமல், பூச்சு மட்டும் துளையுங்கள். நேராக 8 மி.மீ. பிட்டை ஹாமரில் போட்டால் பூச்சு பொரிந்து பெரிய பள்ளமாகும், குறியும் விலகும். அப்புறம் 8 மி.மீ. பிட்டில் 80 மி.மீ. ஆழத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு, செங்கலில் ஹாமர் போட்டு அந்த டேப் வரை போங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண் உயரத்தில் துளைக்கும்போது தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்தாக வேண்டும். தூள் இருந்தால் பிளக் பாதியில் நின்றுவிடும், நின்ற இடத்தில் சுத்தியலால் அடித்தால் தலை நசுங்கும். பிளக்கைச் சுவர் மட்டத்துக்குத் தட்டியதோடு விடாதீர்கள். ஒரு பெரிய ஆணியின் தலையை வைத்து இன்னும் 15 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். அப்போதுதான் பிளக் முழுவதும் செங்கலுக்குள் இருக்கும், திருகு ஏறி அது விரியும்போது செங்கலைப் பிடிக்கும். பூச்சுக்குள் விரிந்தால் பூச்சு வெடிக்கும், அவ்வளவுதான். பலகையோடு கழன்று வந்த பிளக்குகளைப் பாருங்கள், பெரும்பாலும் அதன்மேல் ஒட்டியிருப்பது சாம்பல் நிறப் பூச்சாகவே இருக்கும், சிவப்பு இருக்காது.

பன்னிரண்டு புஷ்ஷையும் மாட்டும்போது பிடித்துக்கொண்டிருக்க முடியாது. பலகையை மேசையில் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு புஷ்ஷின் முகத்திலும் இரு பக்கப் பசை டேப் ஒரு வளையமாக ஒட்டி, ஓட்டைக்கு நேராகப் பதியுங்கள். நடு சரியாக இருக்கிறதா என்று ஒரு திருகை நுழைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நைலானில் உடனடிப் பசை சரியாகப் பிடிக்காது, டேப்பே நல்லது. சுவர்ப் பக்க முகத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி ஒட்டிக்கொண்டால் சுவரின் சிறு மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும், தறி ஓடும்போது வரும் கடகடச் சத்தமும் குறையும்.

பலகையை மீண்டும் ரீப்பர் மேல் நிறுத்தி, மேல் வரிசையின் இரு ஓரத் திருகுகளை முக்கால் அளவு முடுக்குங்கள். அடுத்து கீழ் ஓரங்கள், அப்புறம் மற்றவை. மெஷினால் முழுதாக இறுக்க வேண்டாம். கடைசிச் சுற்றுகள் கையால். வாஷரைச் சுற்றிப் பலகை குழியத் தொடங்கினால் கால் சுற்று பின்னால் எடுங்கள். குழிந்த இடத்துக்குப் பக்கத்து ஓட்டைகளில் கொக்கி சரியாக உட்காராது.

இறுக்கி முடிக்கும் முன் ஒரு நூலை எடுத்துப் பலகையின் மேல் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்துப் பிடியுங்கள். நூலுக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் இடத்தில் சுவர் பள்ளம், திருகு பலகையை உள்ளே இழுத்துவிட்டது. அந்தத் திருகைத் தளர்த்தி, புஷ்ஷுக்குப் பின்னால் ஒன்றிரண்டு வாஷர் சேர்த்து மறுபடி இறுக்குங்கள். நூல் பலகையில் படிந்து வளைந்தால் அங்கே சுவர் மேடு. அந்த இடத்துப் பூச்சைக் கொஞ்சம் உளியால் சீவுவது புஷ்ஷை அறுப்பதைவிட எளிது. சரியானதும் அடி ரீப்பரைக் கழற்றிவிடலாம்.

ஹாலோ பிளாக், மண் சுவர்

புதுக் குடோன்களில் ஹாலோ பிளாக்தான் அதிகம். அதன் வெளிச்சுவர் மெல்லியது, அதற்குப் பின்னால் வெற்றிடம். ஹாமர் போட்டால் உள்பக்கம் பெரிய சில்லாகப் பெயர்ந்து விழும், வெளியே தெரியாது, பிளக் வைத்தபின்தான் சுற்றும். ஹாமரை அணைத்துவிட்டுப் பொறுமையாகத் துளையுங்கள். சாதாரண பிளக்குக்குப் பதில், வெற்றிடத்தில் முடிச்சு மாதிரி சுருண்டு பிடிக்கும் வகை பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். திருகு முடுக்க முடுக்க இறுகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றால் பிடித்துவிட்டது. இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே உடைந்திருக்கிறது. பலகையில் ஒரு ஓட்டை தள்ளிப் புது இடம் பாருங்கள், அதே துளையில் மரச் சீவலைத் திணித்துச் சமாளிக்க வேண்டாம்.

பழைய மண் சுவரில் பிளக் எதுவும் நம்பிக்கைக்கு உரியதல்ல. தரையில் நிற்கும் இரும்பு ஆங்கிள் சட்டம் ஒன்றை வெல்டிங் செய்து, பலகையை அதில் போல்ட் போட்டு மாட்டுங்கள். அங்கேயும் புஷ்ஷும் 20 மி.மீ. இடைவெளியும் அப்படியேதான்.

தறி ஓடும்போது பார்க்க வேண்டியது

கருவிகளை ஒரே மூச்சில் மாட்டாமல், கனமானவற்றை முதலில் கீழ்ப் பாதியில் மாட்டுங்கள். தறிகள் எல்லாம் ஓடும்போது உள்ளங்கையைப் பலகையில் வைத்துத் திருகு திருகாக நகர்த்திப் பாருங்கள். இறுகிய இடத்தில் மந்தமான அதிர்வு மட்டும் இருக்கும். தளர்ந்த புஷ் உள்ள இடத்தில் தேனீ ரீங்கரிக்கிற மாதிரி விறுவிறுவென்று கையில் தெரியும். முதல் வாரம் கழித்து ஒருமுறை எல்லாத் திருகையும் கையால் சோதியுங்கள், சைக்கிள் டியூப் அமுங்கியதால் பாதிச் சுற்று இடம் கொடுத்திருக்கும்.

திருகைவிடக் கொக்கிதான் அதிர்வில் முதலில் கழலும். கருவியை எடுக்கும்போது கொக்கியும் சேர்ந்து மேலே எழும்பும், அடுத்த அதிர்வில் விழும். ஒவ்வொரு கொக்கியின் கழுத்திலும் ஒரு சின்ன கேபிள் டை போட்டுக் கீழ் ஓட்டை வழியாக இழுத்துக் கட்டிவிடுங்கள். இடம் மாற்ற வேண்டுமென்றால் வெட்டிவிட்டு வேறு போடலாம்.

பஞ்சுக்கு, கம்ப்ரசர் காற்றை மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அடியுங்கள், தறிகள் நிற்கும் நேரத்தில். கீழிருந்து மேலே அடித்தால் பஞ்சு முழுவதும் உங்கள் முகத்துக்கும், திரும்பப் பாவுக்கும்தான் போகும். அழகுக்காகப் பலகையைச் சுற்றிச் சட்டம் அடித்து இடைவெளியை மூடிவிட்டால் காற்றுக்கும் வழியில்லை, பஞ்சுக்கும் வழியில்லை. யாராவது அடிக்கச் சொன்னாலும் மேலும் கீழும் திறந்தே விடுங்கள்.